சந்தை கொந்தளிக்கும்போது எத்தனை லாட்?

நிஃப்டியில் 2 லாட் வைத்திருப்பவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று கேட்டால், அந்த 2 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. சந்தை நாளொன்றுக்கு அரை சதவீதம் அசையும் காலத்தில் அந்த 2 லாட் ஒரு சுமை. நாளொன்றுக்கு 3 சதவீதம் அசையும் காலத்தில் அதே 2 லாட் ஆறு மடங்கு சுமை. கையில் இருக்கும் எண்ணிக்கை மாறாமலே ஆபத்து மட்டும் ஏறிவிடுகிறது. இதைச் சரிக்கட்டத்தான் சந்தையின் அண்மைக்கால ஏற்ற இறக்கத்தை அளந்து, கடந்த ஓராண்டோடு ஒப்பிட்டால் அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப பொசிஷனின் அளவைத் தீர்மானிக்கும் முறை வந்தது.

இந்த அளவை 'நடந்தேறிய ஏற்ற இறக்கம்' என்று சொல்லலாம். இனி என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இதில் இடமில்லை. நடந்து முடிந்த நாட்களின் விலையிலிருந்து மட்டுமே எடுக்கப்படும் கணக்கு இது. ஒவ்வொரு நாளும் முடிவு விலை முந்தைய நாளைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி 20 வர்த்தக நாட்களின் மாற்றங்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, கூட்டி, 20-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு சராசரி நாளின் அசைவு கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள் என்பதால், அதை 252-இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய 15.9-ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்கிலான சதவீதம் வரும். நாளுக்கு 1 சதவீத அசைவு ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பாடநூல்களில் உள்ள திட்ட விலக்கச் சூத்திரம் ஒவ்வொரு மாற்றத்திலிருந்தும் சராசரியைக் கழித்துவிட்டுத்தான் வர்க்கப்படுத்தும். இங்கே கழிக்காமல் விடுவதற்குக் காரணம் உண்டு. சந்தை 20 நாளும் தினம் 1 சதவீதம் வீதம் விழுந்துகொண்டே போனால், சராசரியைக் கழித்த சூத்திரம் ஏற்ற இறக்கம் பூஜ்யம் என்று சொல்லும். ஒரே திசையில் சரியும் சந்தையை அமைதியான சந்தை என்று காட்டும் அளவுகோல் ஆபத்தை அளக்க உதவாது.

அடுத்தது சதமானம். இன்றைய எண் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது அதிகமா குறைவா என்பது அந்தச் சந்தையின் பழக்கத்தைப் பொறுத்தது. நிஃப்டிக்கு 20 என்பது சற்றுக் கொந்தளிப்பு. கச்சா எண்ணெய்க்கு அது அமைதி. ஆகவே கடந்த 252 நாட்களில் ஒவ்வொரு நாளும் இதே கணக்கு எவ்வளவு இருந்தது என்று வரிசைப்படுத்தி, அவற்றில் எத்தனை நாட்கள் இன்றைக்குக் கீழே இருந்தன என்று எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு நாட்கள் கீழே இருந்தால் இன்று 90-ஆம் சதமானம். விரிதாளில் B பத்தியில் முடிவு விலை இருந்தால், 300-ஆம் வரிசைக்கு மூன்று சூத்திரங்கள் போதும்.

```
C300:  =B300/B299-1
D300:  =SQRT(SUMSQ(C281:C300)/20*252)
E300:  =COUNTIF(D48:D299,"<"&D300)/252
```

இந்த மூன்றாவது வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பத்தாண்டுத் தரவை மொத்தமாகப் போட்டு, அந்தப் பத்தாண்டுக்குள் ஒவ்வொரு நாளும் எந்தப் படியில் இருந்தது என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 2019-இல் நிற்கும் ஒரு நாள், 2020-இல் வரப்போகும் கொந்தளிப்பை முன்கூட்டியே அறிந்ததுபோல் ஆகிவிடும். பழைய தரவில் ஓட்டிப் பார்க்கும்போது பிரமாதமாகத் தெரியும் முறை நேரடி வர்த்தகத்தில் கவிழ்வதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒப்பீட்டுக்கான சாளரம் எப்போதும் அந்த நாளுக்கு முந்தைய நாட்களோடு நின்றுவிட வேண்டும்.

இந்த அளவு நாளைக்கு ஏன் பொருந்த வேண்டும்? விலை ஏறுமா இறங்குமா என்பதை நேற்றைய விலை சொல்லாது. ஆனால் அசைவு பெரிதாக இருக்குமா சிறிதாக இருக்குமா என்பதை நேற்றைய அசைவு ஓரளவு சொல்லும். பெரிய அசைவுகள் கூட்டமாக வருகின்றன, சிறிய அசைவுகளும் அப்படியே. பருத்தி விலைகளை ஆராய்ந்த மண்டல்பிராட் 1963-இலேயே இதைக் கவனித்தார். ராபர்ட் எங்கிள் 1982-இல் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். அதற்காக 2003-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. இந்த முறை முழுவதும் நிற்பது அந்த ஒரு பழக்கத்தின்மேல்தான்.

இனி அளவு கணக்கு. இதில் இரண்டு வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வேலை, ஒரே அளவு பணத்தை ஆபத்தில் வைக்க எத்தனை அலகு வேண்டும் என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஏற்ற இறக்கத்தின் அளவே போதும், சதமானம் தேவையில்லை. அசைவு இரட்டிப்பானால் அலகுகள் பாதியாகும், ஆபத்தில் இருக்கும் பணம் மாறாது. இரண்டாவது வேலை, அந்தப் பணமே எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. சதமானம் வருவது இங்கேதான். கொந்தளிப்பான காலத்தில் விலை ஸ்டாப் லாஸைத் தாண்டிக் குதிக்கும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பங்குகள்கூட ஒன்றாக விழும். கணக்குப்படி 1 சதவீதம் என்று வைத்த ஆபத்து நடைமுறையில் 2 சதவீதமாக வெடிக்கும் காலம் அது. எனவே அசைவுக்கேற்ப அலகைக் குறைத்தால் மட்டும் போதாது, ஆபத்துத் தொகையையே குறைக்க வேண்டும் என்பதுதான் இந்த முறையின் வாதம்.

ஓர் எளிய விதியை எடுத்துக்கொள்வோம். சதமானம் 50 வரை மூலதனத்தில் 1 சதவீதம் ஆபத்து. அதற்குமேல் படிப்படியாகக் குறைந்து, 100-ஆம் சதமானத்தில் 0.3 சதவீதம். இடையில் நேர்கோடு. 75-இல் 0.65, 90-இல் 0.44 என்று வரும். '80-க்கு மேல் போனால் பாதி' என்பதுபோல ஒரே இடத்தில் வெட்டும் விதியைவிட இது மேல். அப்படிப்பட்ட விதியில் சதமானம் 79-க்கும் 81-க்கும் இடையே ஊசலாடும்போதெல்லாம் பாதியை விற்பதும் மறுபடி வாங்குவதுமாகத் தரகுக் கட்டணம் தின்றுவிடும்.

இதை 2020 பிப்ரவரி, மார்ச் மாத நிஃப்டியில் ஓட்டிப் பார்க்கலாம். மூலதனம் 50 லட்சம் ரூபாய். ஸ்டாப் லாஸ் ஒரு சராசரி நாளின் அசைவைப்போல் இரண்டு மடங்கு தொலைவில். அப்போது நிஃப்டி ஃப்யூச்சர்ஸின் ஒரு லாட் 75 அலகு. பொசிஷன் வாங்கியிருக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் என்பதை இந்த முறை சொல்லாது, எவ்வளவு என்பதை மட்டுமே சொல்லும்.

பிப்ரவரி 20 அன்று நிஃப்டி 12,080-இல் முடிந்தது. அன்றைய 20 நாள் ஏற்ற இறக்கம் ஆண்டுக் கணக்கில் சுமார் 15.5 சதவீதம், நாளுக்கு 0.98 சதவீதம். சதமானம் 70 என்று கொண்டால் ஆபத்து 0.72 சதவீதம், அதாவது 36,000 ரூபாய். ஸ்டாப் தொலைவு 237 புள்ளி. 36,000-ஐ 237-ஆல் வகுத்தால் 152 அலகு. 2 லாட்.

அடுத்த இரண்டு வாரங்களில் ஒரு நாள் 2 சதவீதமும் இன்னொரு நாள் 3.7 சதவீதமும் சரிந்து, மார்ச் 6 அன்று நிஃப்டி 10,989-க்கு வந்தது. ஏற்ற இறக்கம் 20 சதவீதத்தைத் தொட்டது. முந்தைய ஓராண்டில் அதைவிட அதிகமாக இருந்தது, பெரும்பாலும் 2019 செப்டம்பரில் நிறுவன வரிக் குறைப்பு அறிவிப்பால் சந்தை ஒரே நாளில் 5.3 சதவீதம் ஏறியதை ஒட்டிய நாட்கள்தான். எனவே சதமானம் 90-ஐ ஒட்டி நின்றது. ஆபத்து 22,000 ரூபாய், ஸ்டாப் 278 புள்ளி, 79 அலகு. 2 லாட் 1 லாட் ஆகிறது. பெரும் சரிவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது.

திங்கள், மார்ச் 9 அன்று 4.9 சதவீத வீழ்ச்சி. ஏற்ற இறக்கம் 26 சதவீதத்தைத் தாண்டி, முந்தைய செப்டம்பரின் உச்சத்தைப் பிடித்துவிட்டது. ஆபத்து 0.3 சதவீதமாக, அதாவது 15,000 ரூபாயாகச் சுருங்குகிறது. ஸ்டாப் 349 புள்ளி. கணக்கு சொல்வது 43 அலகு. ஒரு லாட்டே 75 என்பதால் ஃப்யூச்சர்ஸில் இதற்கு இடமில்லை. பொசிஷனை மூட வேண்டும், அல்லது அந்த அளவுக்குக் குறியீட்டு இடிஎஃப் வைத்துக்கொள்ள வேண்டும். '43 வந்தால் 75-க்கு ஏற்றிவிடலாம்' என்று முடிவெடுப்பவர் முறையையே கைவிட்டவர் ஆகிறார்.

மார்ச் 23 அன்று நடந்தது தெரிந்ததே. சந்தை திறந்தபோதே சுமார் 800 புள்ளி கீழே, சற்று நேரத்தில் 10 சதவீதக் கீழ் வரம்பைத் தொட்டு 45 நிமிடம் வர்த்தகம் நின்றது. மாலையில் 8,745-இலிருந்து 7,610-க்கு, 1,135 புள்ளி இழந்து முடிந்தது. ஒரே நாளில் 13 சதவீதம். முந்தைய வெள்ளியன்று ஏற்ற இறக்கம் 58 சதவீதம். அன்று மூன்று பேர் வாங்கியிருந்ததாக வைத்துப் பார்க்கலாம். அளவை மாற்றாமல் 2 லாட்டிலேயே இருந்தவருக்கு இழப்பு 1,70,000 ரூபாய். அசைவுக்கேற்ப அலகை மட்டும் குறைத்து, ஆபத்தை 1 சதவீதத்திலேயே வைத்தவரிடம் 1 லாட் இருக்கும். அவருக்கு இழப்பு 85,000. சதமானத்தையும் பார்த்தவருக்கு 15,000 ரூபாய் ஆபத்து, 644 புள்ளி ஸ்டாப், 23 அலகு. அவருக்கு இழப்பு சுமார் 26,000.

மூன்றாமவரின் கணக்கை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் திட்டமிட்டது 15,000, போனது 26,000. ஸ்டாப் லாஸ் இருந்த இடத்தை விலை தொடாமலே தாண்டிப் போனது. இந்த முறை அந்தக் குதிப்பைத் தடுப்பதில்லை. குதிப்பு வந்தால் தாங்கக்கூடிய அளவில் பொசிஷனை வைக்கிறது, அவ்வளவே.

இதே உதாரணம் சதமானத்தின் முதல் குறையையும் காட்டிவிடுகிறது. மார்ச் 12-இல் ஏற்ற இறக்கம் சுமார் 40, 16-இல் 50, 20-இல் 58, 23-இல் 74. சதமானமோ இந்த நான்கு நாளும் 100. உச்சிப் படிக்கு வந்தபின் அதற்குமேல் எவ்வளவு உயரம் என்று அது சொல்லாது. 40-க்கும் 74-க்கும் வேறுபாடு தெரியாத அளவுகோலை மட்டும் நம்பி லாட் எண்ணிக்கையை நிர்ணயித்தால், நிலைமை இரு மடங்கு மோசமானபோதும் அளவு அப்படியே நிற்கும். ஸ்டாப் தொலைவின் வழியாக ஏற்ற இறக்கமும் கணக்கில் இருந்ததால்தான் மேலே 43 அலகு 23 ஆனது. சதமானம் ஆபத்துத் தொகையைத் தீர்மானிக்கட்டும், அலகுகளை அசைவின் அளவே தீர்மானிக்கட்டும். இரண்டில் ஒன்றை விட்டால் முறை நொண்டும்.

இரண்டாவது குறை, சாளரத்தின் நினைவு. 2020 மார்ச் தொடக்கத்தில் 20 சதவீதம் என்பது 90-ஆம் படி. ஓராண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், அதே 20 சதவீதம் நடுப்படிக்கு அருகே இறங்கிவிட்டது. சந்தை அமைதியாகவில்லை. ஒப்பிடும் ஓராண்டுக்குள் பெருங்கொந்தளிப்பு புகுந்துகொண்டதால் மற்றதெல்லாம் சாதாரணமாகத் தெரிந்தது. அந்த மாதங்கள் சாளரத்திலிருந்து நழுவியதும் அதே எண் மறுபடி மேலே ஏறும். இதற்கு மாற்றாகச் சிலர் மூன்றாண்டு, ஐந்தாண்டுச் சாளரம் வைக்கிறார்கள். நினைவு நீளும், ஆனால் புதிய பழக்கத்துக்குச் சந்தை மாறியதை அறியத் தாமதமாகும். ஓராண்டுப் படியையும் ஐந்தாண்டுப் படியையும் கணக்கிட்டு, இரண்டில் உயர்ந்ததை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி. 20 நாள் சாளரத்திலும் இதே சிக்கலின் சிறு வடிவம் உண்டு. ஒரு பெரிய நாள் இருபத்தோராம் நாளன்று சாளரத்தைவிட்டு வெளியேறும்போது, சந்தையில் எதுவும் நடக்காமலே ஏற்ற இறக்கம் திடீரென்று சரியும். அன்று அளவைக் கூட்டச் சொல்லும் சமிக்ஞைக்குப் பொருளில்லை. புதிய அளவு பழையதைவிடக் கால் பங்காவது வேறுபட்டால்தான் கைவைப்பது என்ற விதி, சின்னச் சின்ன ஊசலாட்டங்களுக்கெல்லாம் வாங்கி விற்பதைத் தடுக்கும். ஒரேயடியான சரிவுக்கு மருந்து வேறு: அளவைக் குறைப்பதை உடனே செய்வது, கூட்டுவதை ஒரு வாரத்துக்குப் பிரித்துச் செய்வது.

முடிவு விலையை மட்டும் பார்ப்பதிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. 2020 மார்ச் 13 அன்று நிஃப்டி காலையில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்து வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மாலையில் 3.8 சதவீதம் ஏற்றத்தில் முடிந்தது. முடிவு விலைக் கணக்கில் அது வெறும் 3.8 சதவீத நாள். ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர் காலையிலேயே வெளியேற்றப்பட்டிருப்பார். நாளின் உச்ச விலையையும் அடிமட்ட விலையையும் சேர்த்து அளக்கும் முறைகள் உள்ளன. பார்க்கின்சன் 1980-இல் தந்த சூத்திரம் அதில் ஒன்று. அன்றாட வர்த்தகர்களுக்கு அது கூடுதலாகப் பொருந்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இருப்பது அமைதியில். அசைவு குறையக் குறைய அலகு கூடும் என்பதே கணக்கு என்பதால், மிக அமைதியான சந்தையில் பொசிஷன் வீங்கிப் போகும். அமெரிக்காவில் 2017 அப்படி ஓர் ஆண்டு. எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கம் 7 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அந்த அமைதி நீடிக்கும் என்று பந்தயம் கட்டும் முதலீட்டுத் திட்டங்களில் பணம் குவிந்தது. 2018 பிப்ரவரி 5 அன்று குறியீடு விழுந்தது 4.1 சதவீதம்தான். எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு ஒரே நாளில் 17-இலிருந்து 37-க்குத் தாவியது. எக்ஸ்ஐவி என்ற திட்டம் 90 சதவீதத்துக்கு மேல் மதிப்பை இழந்து, பின்னர் மூடப்பட்டது. ஆகவே குறைந்த சதமானத்தில் ஆபத்துத் தொகையை 1 சதவீதத்துக்கு மேல் ஏற்றவே கூடாது. அலகைக் கணக்கிடும்போதும் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு தரைமட்டம் வைக்க வேண்டும். அளந்த எண் 7 என்று வந்தாலும், நிஃப்டிக்கு 10 என்றே போட்டுக் கணக்கிடுவது தகும்.

தேதி தெரிந்த நிகழ்வுகளையும் இந்த அளவுகோல் பார்க்காது. 2024 மக்களவைத் தேர்தல் முடிவு ஜூன் 4 அன்று வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆப்ஷன் விலைகளிலிருந்து கணிக்கப்படும் இந்தியா விக்ஸ் ஏப்ரல் கடைசியில் 10-ஐ ஒட்டி இருந்தது, மே கடைசியில் 24-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் மே மாதம் முழுவதும் நிஃப்டி உண்மையில் அசைந்தது குறைவு. நடந்தேறிய ஏற்ற இறக்கம் சுமார் 11 சதவீதம். இந்த முறையை மட்டும் பார்த்தவருக்கு அது சாதாரணச் சந்தை. ஜூன் 3-இல் 3.25 சதவீதம் ஏறி, ஜூன் 4-இல் 5.9 சதவீதம் விழுந்து, ஜூன் 5-இல் 3.4 சதவீதம் எழுந்தது. தேர்தல் முடிவு, பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு போன்ற நாட்களுக்கு விக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டில் பெரியதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே வழி.

இதனால் லாபம் கூடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. 2017-இல் மொரேரா, மியூர் இருவரும் ஏற்ற இறக்கம் கூடும்போது முதலீட்டைக் குறைத்தால் ஆபத்துக்கேற்ற வருமானம் கூடுவதாகக் காட்டினார்கள். 2020-இல் செடர்பர்க் உள்ளிட்டோர் 103 உத்திகளில் இதைச் சோதித்து, அன்றன்று கிடைக்கும் தகவலை மட்டும் வைத்து ஒருவர் நடந்திருந்தால் சீரான மேன்மை இல்லை என்று கண்டார்கள். காரணத்தைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 7 அன்று நிஃப்டி ஒரே நாளில் 8.8 சதவீதம், 708 புள்ளி ஏறியது. சதமானம் அப்போதும் உச்சியில். 2 லாட்டை மாற்றாதவர் அன்று ஒரு லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றிருப்பார். இருபது சொச்சம் அலகு வைத்திருந்தவருக்குப் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் கிடைத்திருக்கும்.

எனவே இதை லாபம் கூட்டும் வழியாகக் கருதிப் பின்பற்றுவது தவறு. கணக்கில் பணம் தீர்ந்து வெளியேறும் வாய்ப்பைக் குறைக்கும் வழி என்று கொண்டால் இதற்கு இடமுண்டு. பின்பற்ற நினைப்பவர், ஒரு ரூபாய் போடுவதற்கு முன், 2019 செப்டம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரையிலான நிஃப்டி முடிவு விலைகளை விரிதாளில் இட்டு, மேலே உள்ள மூன்று சூத்திரங்களையும் நாள்வாரியாக ஓட்டிப் பார்க்கட்டும். 252 நாள் ஒப்பீடு செப்டம்பரிலேயே வேலை செய்ய, தரவு அதற்கும் ஓராண்டுக்குமேல் முன்னால், 2018 ஆகஸ்டிலிருந்தே தொடங்க வேண்டும்.